ஒரு ஷீட்டில் எத்தனை பீஸ்? வெட்டுக் கழிவையும் ஒரு பீஸின் உண்மை விலையையும் கணக்கிடும் முறை

ஷியரிங் மெஷின் வைத்து ஜாப் வேலை செய்கிறவர்கள் பலரும் விலை போடுவது இப்படித்தான்: பீஸின் எடையைக் கிலோ விலையால் பெருக்கு, கழிவுக்குப் பத்து சதவீதம் சேர், கூலியைப் போடு, முடிந்தது. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் போட்டேன். ஒரு பேனல் பெட்டி மூடிக்கு 500 பீஸ் ஆர்டர் வந்தபோது அந்தப் பத்து சதவீதம் என்னைக் கவிழ்த்துவிட்டது. ஷீட் எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே தீர்ந்துபோனது. பீஸுக்குப் பத்து ரூபாய் அளவில் கையை விட்டுப் போயிற்று. அந்த மூடியையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பீஸ்: விரித்த அளவு 420 × 330 மி.மீ., 2 மி.மீ. சி.ஆர். ஷீட். வாங்கும் ஷீட்: 2500 × 1250. விலைகள் தினமும் மாறுபவை. அதனால் கணக்குக்கு ஷீட் கிலோ ரூ. 70, ஸ்கிராப் கிலோ ரூ. 35 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி.யை இதில் சேர்க்கவில்லை.

முதலில் எடை

இரும்பு ஷீட்டுக்கு மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் ஒன்றுதான்: ஒரு சதுர மீட்டர், ஒரு மி.மீ. தடிமன் என்றால் 7.85 கிலோ. 2 மி.மீ.க்கு 15.7 கிலோ. நம் ஷீட் 3.125 சதுர மீட்டர், ஆகவே 49.06 கிலோ, ரூ. 3,434. ஒரு பீஸ் 0.1386 சதுர மீட்டர், 2.176 கிலோ.

பரப்பை வைத்து வகுத்தால் ஒரு ஷீட்டில் 22 பீஸ் வரவேண்டும். இந்த 22 என்ற எண்ணை உடனே மறந்துவிடுங்கள். ஷீட் மாவு அல்ல, மிச்சத்தைச் சேர்த்துப் பிசைந்து இன்னொரு பீஸ் செய்வதற்கு.

ஷீட்டை அளந்து, ஓரத்தைக் கழிப்பது

காயிலிலிருந்து வெட்டி வரும் ஷீட்டின் நான்கு மூலைகளும் நேராக இருக்கும் என்று நம்பக்கூடாது. டேப்பை எடுத்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இந்த அளவு ஷீட்டில் இரண்டும் 2795 மி.மீ. அளவில் வரவேண்டும். இரண்டுக்கும் இடையே 5 மி.மீ. வித்தியாசம் வந்தால், அகலவாட்டு விளிம்பு ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே கிட்டத்தட்ட 3 மி.மீ. சாய்ந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சாய்வை எடுத்தால்தான் பேக் கேஜில் சார்த்தும்போது பீஸ் சதுரமாக விழும்.

நான் ஒரு நீள ஓரத்திலும் ஒரு அகல ஓரத்திலும் 5 மி.மீ. டிரிம் கழித்துவிடுவேன். அப்போது கையில் நிற்பது 2495 × 1245. எடையாகப் பார்த்தால் இந்த டிரிம் 300 கிராம்தான், பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு முழு வரிசை பீஸ் வருவதும் வராததும் சில சமயம் இந்த 5 மி.மீ.யில்தான் இருக்கிறது. கீழே அது இரண்டு முறை வரும்.

ஷியரிங் மெஷினில் பிளேடு போகும் இடத்தில் உலோகம் கரைவதில்லை. ரம்பத்திலோ லேசரிலோ போல வெட்டு அகலத்தைக் கழிக்க வேண்டாம். லேசரில் பீஸுக்குப் பீஸ் இடைவெளி விட்டாக வேண்டும்.

வரிசை போடுவது

இதுதான் வேலையின் நெஞ்சு. முதலில் எல்லோரும் செய்வது, பீஸை ஒரே வாட்டில் வைத்து இரண்டு பக்கமும் வகுத்துப் பார்ப்பது. எக்செலில் என்றால்:

```
=INT(2495/420)*INT(1245/330)
=INT(2495/330)*INT(1245/420)
```

முதலாவது 5 × 3, அதாவது 15. திருப்பி வைத்தால் 7 × 2, அதாவது 14. 22 எங்கே, 15 எங்கே! காரணத்தைக் கவனியுங்கள்: 2495-ஐ 420-ஆல் வகுத்தால் 5.94. ஆறாவது பீஸுக்கு 25 மி.மீ. குறைகிறது. வகுத்து வரும் எண் .9-ல் முடிந்தால் அந்த இடத்தில்தான் காசு வீணாகிறது என்று அர்த்தம்.

15 எடுத்த பிறகு முனையில் 395 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை நிற்கும். நல்ல ஆபரேட்டர் அதைப் பார்த்ததுமே திருப்பிப்போட்டு, 330 அகலத்தில் இரண்டு பீஸ் எடுத்துவிடுவார். மொத்தம் 17. என் பட்டறையில் அந்த 500 பீஸும் இப்படித்தான் வெட்டப்பட்டன. 17 வந்ததே என்று சந்தோஷமாகவும் இருந்தோம்.

அடுத்த படி, வாட்டைக் கலப்பது. ஷீட்டை முதலில் நீளவாட்டில் பட்டைகளாக வெட்டுகிறோம் என்று நினையுங்கள். 420 அகலப் பட்டையில் பீஸ்கள் 330, 330-ஆக நிற்கும். ஒரு பட்டைக்கு 7. 330 அகலப் பட்டையில் 420, 420-ஆகப் படுக்கும். ஒரு பட்டைக்கு 5. ஆக, 420 பட்டை எத்தனை, 330 பட்டை எத்தனை போட்டால் 1245-க்குள் அடங்கும் என்பதுதான் கேள்வி. மூன்று 330 என்றால் 15. ஒரு 420, இரண்டு 330 என்றால் 17. இரண்டு 420, ஒரு 330 என்றால் அகலம் 1170, பீஸ்:

```
=2*INT(2495/330)+1*INT(2495/420)
```

19 வருகிறது. அதே ஷீட், அதே மெஷின், அதே ஆள். 15-க்கும் 19-க்கும் நடுவே இருப்பது ஒரு தாளில் போட்ட கணக்கு மட்டும்தான்.

மெஷினில் இதைச் செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் நீள ஓர டிரிம். பிறகு பேக் கேஜை 420-க்கு வைத்து எல்லா ஷீட்டிலும் இரண்டிரண்டு பட்டை. பிறகு 330-க்கு மாற்றி ஒரு பட்டை. அப்புறம்தான் குறுக்கு வெட்டு. ஷீட்டுக்கு ஷீட் கேஜை மாற்றிக்கொண்டிருந்தால் நேரமும் போகும், எங்காவது ஒரு இடத்தில் 420-க்குப் பதில் 330 விழுந்து ஒரு பட்டையே வீணாகும். கடைசி வெட்டில் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் பாருங்கள். இங்கே 75 மி.மீ. நிற்பதால் அமுக்கிகள் பிடித்துக்கொள்ளும். 10, 15 மி.மீ. மட்டும் மிஞ்சுகிற மாதிரி வரிசை போட்டால் அமுக்கிக்குப் பிடி கிடைக்காது. ஷீட் நழுவி, அளவு கோணும்.

வாட்டைக் கலக்கும்போது ஒரு எச்சரிக்கை. 19-ல் 14 பீஸின் நீளம் ஷீட்டின் உருட்டு வாட்டுக்குக் குறுக்கே இருக்கும். மற்ற 5 பீஸுக்கு அந்த வாட்டோடு இருக்கும். நம் மூடி நான்கு பக்கமும் மடிக்கப்படுவது, பொருளும் மென்மையான சி.ஆர். ஷீட், ஆகவே பிரச்சினை இல்லை. கடினமான அலுமினிய ரகமோ தடித்த எச்.ஆர். பிளேட்டோ என்றால் உருட்டு வாட்டுக்கு இணையாக விழும் மடிப்பில் வெடிப்பு வரலாம். அப்படிப்பட்ட வேலையில் ஐந்து பீஸை மடித்துப் பார்க்காமல் வரிசையைக் கலக்காதீர்கள். மேலே கோடு தெரியும் பிரஷ் ஃபினிஷ் எஸ்.எஸ். ஷீட்டிலோ கலக்கவே கூடாது. பக்கத்தில் பக்கத்தில் மாட்டும்போது வேறு வேறு நிறமாகத் தெரியும்.

இப்போது விலை

சூத்திரம் இதுதான்:

```
ஒரு பீஸ் = (ஷீட் விலை − ஸ்கிராப் வரவு − பிட்டு மதிப்பு) ÷ நல்ல பீஸ்
```

பிட்டு என்பது வேறு வேலைக்கு ஆகும் மிச்சத் துண்டு. இப்போதைக்கு அதன் மதிப்பைப் பூஜ்யமாக வைத்து, பீஸ் போக மிச்சம் எல்லாம் ஸ்கிராப்புக்கே போகிறது என்று கொள்வோம்.

| ஷீட்டுக்குப் பீஸ் | ஸ்கிராப் (கிலோ) | ஒரு பீஸின் ஷீட் செலவு |
|---|---|---|
| 15 | 16.4 | ரூ. 190.64 |
| 17 | 12.1 | ரூ. 177.17 |
| 19 | 7.7 | ரூ. 166.54 |

வெறும் எடைக்கு விலை ரூ. 152.32. பத்து சதவீதம் சேர்த்தால் ரூ. 167.55. நான் விலை சொன்னது இதை வைத்து. வெட்டியது 17 வரிசையில். பீஸுக்கு ரூ. 9.60 போனது அப்படித்தான், 500-க்கு ரூ. 4,800. பாருங்கள், 19 வரிசையில் வெட்டியிருந்தால் அதே விலை சரியாகப் பொருந்தியிருக்கும். பத்து சதவீதம் என்பது சில வேலையில் சரியாக வருவதும் அதனால்தான், சில வேலையில் கவிழ்ப்பதும் அதனால்தான். அது பீஸின் அளவைப் பார்ப்பதே இல்லை.

இன்னொரு தவறையும் பார்த்திருக்கிறேன். கழிவு கிலோவுக்கு 35 திரும்பி வருகிறதே, பிறகென்ன கவலை என்பார்கள். 70-க்கு வாங்கி 35-க்கு விற்கிறோம். ஒவ்வொரு கிலோ கழிவிலும் பாதிக் காசு போய்விடுகிறது. மறுபாதி வருவதற்கும் ஸ்கிராப்காரர் வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஷீட் அளவை மாற்றிப் பார்ப்பது

சந்தையில் 3000 × 1500 ஷீட்டும் கிடைக்கிறது. ஒன்று 70.65 கிலோ. டிரிம் போக 2995 × 1495. இதில் 420 பட்டைக்கு 9 பீஸ், 330 பட்டைக்கு 7 பீஸ். ஒரு 420, மூன்று 330 போட்டால் அகலம் 1410, பீஸ் 30. ஒரு பீஸின் ஷீட் செலவு ரூ. 158.59. 19 வரிசையைவிட எட்டு ரூபாய் குறைவு.

ஆனால் நீளவாட்டில் 3 மீட்டர் வெட்ட 10 அடி மெஷின் வேண்டும். என்னிடம் இருப்பதுபோல 2500 மி.மீ. வரை வெட்டும் மெஷின் என்றால் குறுக்கே மட்டும்தான் வெட்ட முடியும். அப்போது 28 பீஸ், ரூ. 164.47. இரண்டு ரூபாய் லாபத்துக்காகப் பெரிய ஷீட்டை நாலு பேர் சேர்ந்து தூக்கி மெஷினில் ஏற்றுவதா என்பது உங்கள் முடிவு. நான் ஏற்றவில்லை.

இதே ஷீட்டில் ஒரு வலையும் இருக்கிறது. இரண்டு 420-ம் இரண்டு 330-ம் கூட்டிப் பாருங்கள்: சரியாக 1500. பீஸ் 32! வரிசை போடும் மென்பொருளில் டிரிம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அது இதைத்தான் காட்டும். உண்மையில் ஷீட் துல்லியமாகச் சதுரமாகவும், அகலம் 1500-க்கு ஓரிரு மி.மீ. கூடுதலாகவும் வந்தால்தான் இது நடக்கும். சில லாட்டில் வரும். அளந்து பார்த்து வந்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். விலை சொல்லும்போது 32-ஐ நம்பாதீர்கள்.

லேசரில் கொடுத்தால்?

ஷியரிங் மெஷின் விளிம்பிலிருந்து விளிம்புவரை நேராக மட்டுமே வெட்டும். லேசருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2500 × 1250-ல் முதல் வரிசையில் 7 பீஸ் நிமிர்த்தி வையுங்கள். இரண்டாம் வரிசையின் தொடக்கத்தில் ஒன்றைப் படுக்கவைத்து, அதன் பக்கத்தில் 6 நிமிர்த்துங்கள். மூன்றாம் வரிசையில் அந்தப் படுத்த பீஸின் மேல் ஒன்றை நிமிர்த்தி, அதன் பக்கத்தில் 5 படுக்கவையுங்கள். மொத்தம் 20. பீஸுக்குப் பீஸ் 5 மி.மீ. இடைவெளியும் ஓரங்களில் 5 மி.மீ.யும் விட்டாலும் அடங்குகிறது. இரண்டாவது, மூன்றாவது வரிசைகளுக்கு நடுவே வெட்டுக்கோடு படிபோல் திரும்புவதால் ஷியரிங் மெஷினில் இதை வெட்டவே முடியாது.

பீஸுக்கு ரூ. 162.02, அதாவது 19-ஐவிட ரூ. 4.52 மிச்சம். ஒரு பீஸின் சுற்றளவு 1.5 மீட்டர். லேசர் கூலி, ஷியரிங் கூலியைவிட மீட்டருக்கு மூன்று ரூபாய் கூடினாலே அந்த மிச்சம் போய்விடும். மூடியில் ஓட்டைகளும் கட்-அவுட்டும் இருந்து, எப்படியும் லேசருக்குப் போகவேண்டிய வேலை என்றால் மட்டும் இந்த 20 உங்களுக்கு லாபம்.

வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

330 பட்டையில் ஆறாவது பீஸுக்கு 25 மி.மீ. குறைந்தது அல்லவா? ஆறால் பங்கிட்டால் பீஸுக்கு 5 மி.மீ.க்குள்தான். விரித்த அளவு 420-க்குப் பதில் 415 என்றால், 415 × 6 = 2490; பட்டையில் 6 நிற்கும். ஷீட்டுக்கு 20 பீஸ், சாதாரண ஷியரிங் மெஷினிலேயே. ஷீட் செலவு ரூ. 161.11, 500 பீஸுக்கு 27 ஷீட்டுக்குப் பதில் 25 ஷீட்.

அதற்கு இரண்டு பக்க மடிப்பும் 2.5 மி.மீ. குறைய வேண்டும். மூடி உள்ளே உட்காரும் மடிப்பு 15 மி.மீ.யா 12.5 மி.மீ.யா என்பது பல நேரம் வரைந்தவர் யோசித்துப் போட்டதல்ல; ஏதோ ஒரு முழு எண் போட்டிருப்பார். கேஸ்கெட், பூட்டு எதுவும் அந்த மடிப்பில் இல்லையென்றால் ஒப்புக்கொள்வார்கள். கேட்காமல் நீங்களாகக் குறைத்துவிட்டு, பிறகு முழு லாட்டும் திரும்பி வந்தது என்று புலம்பக்கூடாது. வரைபடத்தில் மாற்றி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வெட்டுங்கள்.

பிட்டுக்கு என்ன மதிப்பு போடுவது

19 வரிசையில் ஒவ்வொரு ஷீட்டிலும் மிஞ்சுவது: 420 × 185-ல் இரண்டு பிட்டு, 330 × 395-ல் ஒன்று, 75 மி.மீ. அகலத்தில் ஒரு நீளப் பட்டை. என்னிடம் 120 × 80 அளவில் ஒரு பிராக்கெட் அடிக்கடி ஓடும். முதல் இரண்டு பிட்டில் ஆறாறு, மூன்றாவதில் பன்னிரண்டு; ஷீட்டுக்கு 24 பிராக்கெட். நீளப் பட்டையில்? 80 வேண்டும், 75 இருக்கிறது. டிரிம் வெட்டிய அந்த 5 மி.மீ.தான் குறைகிறது. இப்படி இரண்டு தடவை வயிறெரிந்த பிறகுதான் டிரிம்மைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதை நிறுத்தி, ஷீட்டை அளந்து பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த 24 பிராக்கெட்டும் சேர்ந்து 3.6 கிலோ. ஸ்கிராப் விலையிலிருந்து ஷீட் விலைக்கு ஏறினால் ஷீட்டுக்கு ரூ. 127, மூடிக்கு ரூ. 6.66 குறைந்து, ரூ. 159.88 ஆகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 27 ஷீட்டுக்கு 648 பிராக்கெட். அத்தனைக்கும் ஆர்டர் கையில் இருக்கிறதா? இருந்தால் முழு மதிப்பு போடலாம். அப்போதும் சின்னப் பிட்டை எடுத்து, சதுரம் பிடித்து வெட்டும் கூலியைக் கழித்துவிட்டுத்தான். ஆர்டர் இல்லை, எப்போதாவது வரும் என்றால் ஸ்கிராப் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் போடாதீர்கள். ராக்கில் துருப்பிடித்து நிற்கும் பிட்டுக்கு முழு விலை போட்டுக்கொள்வது கணக்கை நாமே ஏமாற்றுவது. ஒரே பிட்டின் மதிப்பை மூடிக்கும் கழித்து, பிராக்கெட்டுக்கும் இலவசப் பொருள் என்று காட்டுவதும் நடக்கும். மூடியில் கழித்தால் பிராக்கெட்டில் அது செலவாக ஏற வேண்டும்.

ராக்கில் வைக்கும் பிட்டில் தடிமனையும் அளவையும் மார்க்கரில் எழுதிவையுங்கள். 1.6-ம் 2-ம் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

நல்ல பீஸால் வகுப்பது, எடைபோட்டுச் சரிபார்ப்பது

500 பீஸுக்கு 27 ஷீட் வாங்கினால் 513 பீஸ் வரும். கூடுதல் 13 பீஸ் செட்டிங்கிலும் ரிஜெக்ஷனிலும் போகும் என்று வையுங்கள். வாங்கிய ஷீட் முழுவதையும் 500-ஆல்தான் வகுக்க வேண்டும். போன பீஸையும் ஸ்கிராப்பில் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு பீஸ் ரூ. 168.89. சின்ன ஆர்டரில் இது இன்னும் கடுமை: 20 பீஸ் மட்டும் கேட்டால் கடைசி ஒரு பீஸுக்காக இரண்டாவது ஷீட்டைக் கிழிக்க வேண்டும். அந்த ஷீட்டின் மிச்சத்துக்கு வேறு வேலை இல்லையென்றால் விலையே வேறு.

வேலை முடிந்ததும் ஸ்கிராப்பை எடைபோடுங்கள். பில்லில் 27 ஷீட்டுக்கு 1,324.7 கிலோ இருக்க வேண்டும். 513 பீஸ் 1,116.3 கிலோ, வெட்டுக் கழிவு 208.4 கிலோ. எடைமேடையில் கழிவு 250 கிலோ வந்தால் கூடுதலாக 19 பீஸ் அளவு இரும்பு எங்கோ கழிவாகியிருக்கிறது: ஒன்று ரிஜெக்ட், இல்லையென்றால் சில ஷீட்டைப் பழைய 17 வரிசையிலேயே வெட்டியிருக்கிறார்கள். தொட்டியில் 395 அகலப் பட்டையின் மிச்சங்கள் கிடக்கின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கழிவு விகிதம் சரியாக இருந்தும் பில் எடை 1,378 கிலோ என்று வந்தால் வெட்டில் தப்பில்லை, தடிமனில் இருக்கிறது. 2 மி.மீ. என்று வந்த ஷீட் 2.08 இருந்தாலே எடை நான்கு சதவீதம் ஏறும். கிலோவுக்குத்தானே காசு கொடுக்கிறோம். பீஸ் எண்ணிக்கை மாறாது, பீஸ் விலை மட்டும் ஆறேழு ரூபாய் கூடும். லாட் இறங்கும்போதே ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி மைக்ரோமீட்டர் வைத்து மூன்று நான்கு ஷீட்டை அளந்து, அந்தத் தடிமனை பில்லின் பின்பக்கம் எழுதிவைத்துவிடுவது என் வழக்கம். வண்டி போன பிறகு அளந்தால் சண்டை போட ஆள் இருக்காது.